அடியந்திரத்துக்கு முன்னால் வரும் 11-ஆம் தேதி: துட்டி முடிந்து வேலைக்குத் திரும்புபவரின் முதல் இரண்டு மாதம்

வீட்டில் ஒரு சாவு விழுந்தால், நம் குமரி மாவட்டத்தில் அலுவலகமே திரண்டு வரும். நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை என எங்கிருந்தாலும் வேன் பிடித்து வந்து துட்டி கேட்டுவிட்டுப் போவார்கள். குழப்பம் அதற்கு அடுத்த வாரம்தான் தொடங்குகிறது. துட்டி கேட்டதோடு தங்கள் பங்கு முடிந்துவிட்டது என்று உடன் வேலை செய்பவர்கள் நினைக்கிறார்கள். வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் பழைய ஆளாகவே வந்துவிட்டார் என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். வந்தவருக்கோ தன் வேலையில் எது சரியாக நடக்கிறது, எது நடக்கவில்லை என்பதே பிடிபடுவதில்லை.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு வகை வேலையை எடுத்துக்கொள்கிறது: தனியார் வணிக நிறுவனத்தின் கணக்குப் பிரிவு. மாதத்தின் குறிப்பிட்ட தேதிகளில் அரசுக்குக் கணக்குக் காட்டியே ஆகவேண்டிய இடம் அது. தேதிகள் யாருடைய துக்கத்துக்காகவும் தள்ளிப்போகாது என்பதால், இந்தச் சிக்கலின் எல்லா முடிச்சுகளும் அங்கே தெளிவாகத் தெரியும்.

முதலில், விடுப்பு என்ன இருக்கிறது?

குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் தனியார் ஊழியருக்கு இத்தனை நாள் விடுப்பு தரவேண்டும் என்று தனியாகச் சட்டம் எதுவும் கிடையாது. சில பெரிய நிறுவனங்கள் தங்கள் விதிகளில் 'துக்க விடுப்பு' என்று மூன்று நாளோ ஐந்து நாளோ வைத்திருக்கின்றன. அது நிறுவனம் தருவது, சட்டம் தருவதல்ல.

சட்டத்தில் இருப்பது பொது விடுப்புதான். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஓர் ஆண்டில் தக்க காரணத்துக்காகச் சம்பளத்தோடு 12 நாள் வரை தற்செயல் விடுப்பும், உடல்நலக் குறைவுக்காக 12 நாள் வரை விடுப்பும் உண்டு. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு 12 நாள் ஈட்டிய விடுப்பும் சேரும். தொழிற்சாலை என்றால் கணக்கு வேறு: வேலை பார்த்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள்.

சாவுக்கு எடுக்கும் விடுப்பு பெரும்பாலும் தற்செயல் விடுப்பிலிருந்துதான் போகிறது. இங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. முதல் வாரத்திலேயே பத்து நாளை மொத்தமாக எடுத்துத் தீர்த்துவிடுகிறார்கள். பிறகு பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் போக நாளே மிஞ்சுவதில்லை.

சாவு ஒரு நாளோடு முடியாது

வேலைக்குத் திரும்புபவரின் நாள்காட்டியை அலுவலகம் பார்ப்பதே இல்லை. பார்த்தால் பாதிப் பேச்சு குறையும்.

இந்து வீடுகளில் அடக்கமோ தகனமோ முடிந்து, காடாத்து முடிந்து, பதினாறாம் நாள் அடியந்திரம் வரும். கிறிஸ்தவ வீடுகளில் மூன்றாம் நாள் ஜெபம், அதன்பின் சபையைப் பொறுத்து முப்பதாம் நாளோ நாற்பத்தொன்றாம் நாளோ பூசை அல்லது நினைவு ஆராதனை. முஸ்லிம் வீட்டில் கணவனை இழந்த பெண்ணுக்கு இத்தா காலம் நான்கு மாதம் பத்து நாள். வேலைக்குப் போகும் பெண் அதைக் கடைப்பிடிக்க நினைத்தால், எந்த விடுப்புக் கணக்கும் அதற்குப் போதாது. சம்பளமில்லா விடுப்பையும் திரும்பி வரும் தேதியையும் முதல் வாரத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்வதுதான் வழி.

இதற்கு மேல் காகித வேலை. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் தாமதக் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள்; வீட்டில் இறந்தால் குடும்பத்தார்தான் போய்ச் சொல்லவேண்டும். பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனு, கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, வருவாய் ஆய்வாளர், தாசில்தார். பின் வங்கி, காப்பீடு, பி.எஃப். இவை எல்லாமே அலுவலகம் நடக்கும் நாளில், அலுவலக நேரத்தில்தான் முடியும். அதாவது ஆள் வேலைக்குத் திரும்பிய பிறகும் ஆறேழு வாரத்துக்கு அரைநாள் அரைநாளாக வெளியே போகவேண்டி வரும். "மறுபடியும் பெர்மிஷனா?" என்ற முணுமுணுப்பு எழுவது இந்தக் கட்டத்தில்தான்.

மனம் எதை இழக்கிறது, எதை இழப்பதில்லை

துக்கத்தில் இருப்பவருக்கு வேலை மறந்துபோவதில்லை. பல வருடமாகச் செய்த வேலை கைக்குப் பழகிவிட்டது. விரல் தானாக ஓடும். பில் போடும் வேகம் சில நாளிலேயே பழைய நிலைக்கு வந்துவிடும். வராமல் நிற்பவை வேறு மூன்று.

1. ஒரே சமயத்தில் இரண்டு மூன்று விஷயத்தை மனதில் பிடித்துவைக்கும் திறன். பாதிப் பில்லில் போன் வந்தால், திரும்பி வரும்போது எங்கே விட்டோம் என்பது போயிருக்கும்.

2. பின்னால் செய்யவேண்டியதை நேரத்துக்கு நினைவுகொள்வது. "மூணு மணிக்கு அந்தச் சலான் கட்டணும்" என்பது மூன்று மணிக்கு நினைவுக்கு வராது. இரவு படுத்த பிறகு வரும்.

3. தான் செய்ததில் தப்பு இருக்கிறதா என்று தானே பார்ப்பது. தூக்கம் கெட்டவருக்கு இதுவும் பழுதாகும். தப்பு விடுவதைவிட, விட்டது தெரியாமல் போவதுதான் கூடுதல் தொல்லை.

ஒரு நாளைப்போல ஒரு நாள் இருக்காது என்பதையும் உடன் இருப்பவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் இதை ஓர் இரட்டை ஓட்டமாக விளக்கினார்கள். இழப்பை நோக்கிப் போகும் மனம் அன்றாடக் காரியத்தை நோக்கித் திரும்பும், மறுபடி இழப்புக்குப் போகும். இந்தப் போக்குவரத்து நோயின் அறிகுறி அல்ல, இயல்பாகத் தேறும் விதமே அதுதான். ஆகவே காலையில் சிரித்துப் பேசியவர் சாயங்காலம் ஒரு வவுச்சரை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் வெறித்துக்கொண்டிருந்தால், காலையில் நடித்தார் என்றோ சாயங்காலம் நடிக்கிறார் என்றோ பொருளில்லை. "நேத்து நல்லாத்தான இருந்தா" என்ற வாக்கியம் அலுவலகத்தில் எழும் இடம் இது.

இதிலிருந்து வரும் விளைவுதான் முக்கியம். வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தெரிவது வேகம். வேகம் முதலில் திரும்பிவிடுவதால், ஆள் சரியாகிவிட்டார் என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். சரிபார்க்கும் திறன் பெரும்பாலும் தாமதமாகத்தான் திரும்பும். அது வராமல் இருப்பது வெளியே தெரியாது. எத்தனை பில் போட்டார் என்று எண்ணிப் பார்த்தால் குறையே இருக்காது. குறை பில்லுக்குள் இருக்கும்.

ஒரு மாதத்தைத் தேதி தேதியாகப் பார்ப்போம்

மார்த்தாண்டத்தில் டைல்ஸ், சானிட்டரி பொருள் விற்கும் ஒரு மொத்த வியாபாரக் கடை என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் மூன்று பேர். மூத்த கணக்கரான பெண்ணின் தாயார் மாதம் 2-ஆம் தேதி இறக்கிறார். இறந்த நாளை ஒன்றாகக் கொண்டால் பதினாறாம் நாள் 17-ஆம் தேதி. அவர் 8-ஆம் தேதி வேலைக்கு வருகிறார். இடையில் ஒரு ஞாயிறு போக, ஐந்து நாள் விடுப்பு.

அந்த மாதத்தில் அரசு வைத்திருக்கும் தேதிகள் இவை: பிடித்தம் செய்த வருமான வரியைக் கட்ட 7, விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்ட 15, வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20.

முதல் கண்ணி 7-ஆம் தேதி. அன்று அவர் வீட்டில் இருக்கிறார். "வந்ததும் அவங்களே பாத்துக்கிடுவாங்க" என்று மற்ற இருவரும் விட்டுவிட்டால், மறுநாள் அவர் வரும்போதே தேதி போயிருக்கும். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்த வரிக்கு மாதத்துக்கு 1.5 சதவீதம் வட்டி, மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே கணக்கு. தொகை பெரிதாக இருக்காது. ஆனால் திரும்பி வந்த முதல் நாளே ஒரு குற்றச்சாட்டோடு தொடங்கும்.

இரண்டாவது கண்ணி இன்னும் நுட்பமானது, எல்லையோரம் என்பதால் நம் மாவட்டத்துக்கே அடிக்கடி வருவது. ஒரு வாடிக்கையாளருக்குக் களியக்காவிளையில் ஒரு கடை, பாறசாலையில் ஒரு கடை. பெயரும் முதலாளியும் ஒன்றே. முதல் கடையின் ஜிஎஸ்டி எண் தமிழ்நாட்டுக்குரிய 33-இல் தொடங்கும். இரண்டாவதன் எண் கேரளத்துக்குரிய 32-இல் தொடங்கும். டாலி என்ற கணக்கு மென்பொருளில் இரண்டு லெட்ஜர், பெயரின் கடைசிச் சொல் மட்டும் வேறு.

பாறசாலைக் கடை வாங்கிய ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீத வரி என்றால், மாநிலம் தாண்டும் விற்பனை என்பதால் ஐஜிஎஸ்டி 18,000 என்று பில் இருக்கவேண்டும். பெயரைப் பாதி அடித்ததும் வரும் முதல் லெட்ஜரை அவர் தேர்ந்துவிடுகிறார். பில் களியக்காவிளைக் கடையின் பெயரில், மாநிலத்துக்குள் விற்றதுபோல சிஜிஎஸ்டி 9,000, எஸ்ஜிஎஸ்டி 9,000 என்று வருகிறது. இரண்டு பில்லிலும் மொத்தம் 1,18,000-தான். கூட்டிப் பார்த்தால் தேறும், வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டாலும் தேறும். தொகையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்தத் தப்பு படவே படாது.

11-ஆம் தேதி விவரம் போய்விடுகிறது. 14-ஆம் தேதி வாங்கியவரின் வரி வரவுப் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி உருவாகும்போது பாறசாலைக் கடைக்கு அந்தப் பில் வராது. வரி வரவு கிடைக்காது. கடைக்காரர் போன் செய்வார், பேச்சு காட்டமாகத்தான் இருக்கும். அதே மாதம் தாக்கல் செய்ததைத் திருத்த இப்போது ஜிஎஸ்டிஆர்-1ஏ இருக்கிறது. ஆனால் வாங்கியவரின் ஜிஎஸ்டி எண்ணை மாற்ற அதில் இடமில்லை. அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1-இல்தான் திருத்தம் போடமுடியும். தவறான தலைப்பில் கட்டிய வரியைச் சரிக்கட்டும் வேலை தனி. வாடிக்கையாளருக்கு ஒரு மாதம் பணம் முடங்கும்.

மூன்றாவது, 17-ஆம் தேதி அடியந்திரம். அதற்கு முன்தினமும் அவர் இருக்கமாட்டார். 15-ஆம் தேதி பி.எஃப். கணக்கை அடித்துப்பிடித்து முடித்துவிட்டுப் போயிருப்பார். 18-ஆம் தேதி வந்து, இரண்டே நாளில் 3பி தயாராக வேண்டும். அது தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஆக, 8 முதல் 20 வரை அவர் அலுவலகத்தில் இருக்கும் நாள்களில் மூன்று கெடு விழுகின்றன. உடல், மனம் இரண்டும் அவருக்கு ஆகக் கீழே இருக்கும் நாள்கள் இவையே.

வேலையைக் குறைப்பதைவிட, வேலையைப் பிரிப்பது நல்லது

பல முதலாளிகள் இரக்கத்தோடு செய்வது, "ரெண்டு நாள் சீக்கிரம் போயிக்கோ" என்பது. நல்ல மனம்தான், ஆனால் வேலை அப்படியே இருக்க நேரம் மட்டும் குறைவதால் அவசரம் கூடுகிறது. மேசையில் ஒன்றுமே வைக்காமல் சும்மா உட்காரவைப்பதும் உதவாது. பலருக்கு அன்றாடக் கைவேலைதான் பிடிமானம். குறைக்க வேண்டியது தனியாக முடிவெடுத்துத் தனியாக அனுப்பும் வேலையை மட்டும்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம்:

1. இறப்புச் செய்தி வந்த அன்றே, அடுத்த 20 நாளின் கெடு தேதிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் போடவேண்டும். போடவேண்டியது முதலாளியோ மேலாளரோ. திரும்பி வரும் நாளில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் 7-ஆம் தேதி போய்விடும். கடவுச்சொல்லும் ஓடிபி வரும் போனும் விடுப்பில் போனவரிடமே இருக்கிறதா என்று அன்றே பார்க்கவேண்டும். பல சிறு நிறுவனங்களில் ஜிஎஸ்டி தளத்தின் ஓடிபி கணக்கரின் சொந்த எண்ணுக்குத்தான் வருகிறது. துட்டி வீட்டுக்குப் போன் போட்டு ஓடிபி கேட்கும் அவலம் அதனால்தான் நேர்கிறது.

2. திரும்பியவர் பில் போடட்டும், பதிவு செய்யட்டும், வங்கிக் கணக்கை ஒப்பிடட்டும். தாக்கல் செய்வதும் பணம் அனுப்புவதும் இன்னொருவர் பார்த்த பிறகே நடக்கவேண்டும். அவர் மீது நம்பிக்கை இல்லாததால் அல்ல என்பதை வாயால் சொல்லிவிடுவது நல்லது. "அக்கா, நீங்க எல்லாம் போட்டு வையுங்க. அனுப்புறதுக்கு முன்னால நான் ஒரு தடவை பாத்துக்கிடுதேன், இந்த ரெண்டு மாசம் மட்டும்" என்றால் போதும்.

3. பார்ப்பவர் கூட்டுத்தொகையைப் பார்க்கக் கூடாது. மேலே சொன்ன தப்புக்கு ஒரே சோதனை, சரக்கு இறங்கிய இடத்தின் பின்கோடையும் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது. பின்கோடு 629 என்றால் நம் மாவட்டம், 695 என்றால் திருவனந்தபுரம் பக்கம். 695-க்குப் போன சரக்கின் பில் 33-இல் தொடங்கும் எண்ணில் இருந்தால், அதை எடுத்துத் தனியே வைக்கவேண்டும். எல்லாமே தப்பாக இருக்காது. ஒருவர் பெயரில் பில், இன்னொருவர் இடத்தில் இறக்கு என்ற ஏற்பாட்டில், பில் யார் பெயரில் இருக்கிறதோ அதை வைத்தே வரி முடிவாகும். ஆனாலும் கேட்டுத் தெளியவேண்டிய பில்கள் அவைதான்.

4. சரிபார்க்கும் வேலையை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், நாற்பது நிமிடத்துக்கு மேல் போகாமல் வைக்கவேண்டும். இரவில் தூக்கம் இல்லாதவருக்கு மூன்று மணிக்கு மேல் கண் எழுத்தில் ஓடும், மனம் ஓடாது. அந்த நேரத்தில் ஃபைல் அடுக்கலாம், வவுச்சர் ஒட்டலாம்.

5. வாயால் வேலை சொல்வதை நிறுத்தவேண்டும். போகிற போக்கில் "அந்தப் பார்ட்டிக்கு ஸ்டேட்மெண்ட் அனுப்பிருங்க" என்றால் அது காற்றோடு போகும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். தேதியும் அதிலேயே இருக்கட்டும்.

விடுப்பையும் இதே தாளில் எழுதிவிடலாம். நம் எடுத்துக்காட்டில் முதலில் 5 நாள், அடியந்திரத்துக்கு 2 நாள், ஆக 7. அவ்வாண்டின் தற்செயல் விடுப்பு 12-ம் கைப்படாமல் இருந்தால் மிச்சம் 5 நாள், அதாவது பத்து அரைநாள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வங்கி என்று இந்தப் பத்தை முன்கூட்டியே ஒதுக்கி, 11, 15, 20 தேதிகளை ஒட்டி வராமல் பார்த்துக்கொண்டால் முணுமுணுப்புக்கு இடமிருக்காது.

உடன் வேலை செய்பவர்கள் ஏன் கசந்துபோகிறார்கள்

இதைப் பேசாமல் விடுவது நியாயமில்லை. மூன்று பேர் வேலையை இரண்டு பேர் சுமந்தால் அலுப்பு வரும். அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. அலுப்பைக் கசப்பாக்குவது சுமைக்கு முடிவுத் தேதி இல்லாததே. 'கொஞ்ச நாள் பாத்துக்கோங்க' என்ற சொல்லுக்கு ஒருவர் ஒரு வாரம் என்று பொருள் கொள்வார், இன்னொருவர் ஒரு மாதம் என்று கொள்வார். முதலாமவர் எட்டாம் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

எனவே தேதி சொல்லவேண்டும். இரண்டு தாக்கல் சுற்று என்பது நியாயமான அளவு: இந்த மாதம் 20, அடுத்த மாதம் 20. ஒவ்வொரு சுற்றிலும் சரிபார்க்கும்போது எத்தனை தப்பு சிக்கியது என்று குறித்துவைத்தால் போதும். முதல் சுற்றில் ஏழு, இரண்டாவதில் ஒன்று என்றால் ஏற்பாட்டைக் கலைத்துவிடலாம். எண்ணிக்கை குறையவில்லை என்றால் இன்னொரு சுற்று நீட்டலாம். இப்படி எண்ணி வைப்பது கறாராகத் தோன்றலாம். ஆனால் 'இன்னும் தேறலையா' என்று முகத்தைப் பார்த்து அளப்பதைவிட இது எவ்வளவோ மேல். கூடுதல் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நேரத்துக்கு மிகைநேரச் சம்பளமோ ஈடு விடுப்போ தருவது நிறுவனத்தின் கடமை. அதைத் தராமல் பரிவை மட்டும் அவர்களிடம் கேட்பது சரியல்ல.

எப்போது வேறு உதவி வேண்டும்

தூக்கம் கெடுவது, மறதி, திடீர் அழுகை எல்லாம் முதல் சில மாதங்களில் வரக்கூடியவை. நாற்பத்தொன்றாம் நாள், ஆடி அமாவாசை, முதல் கிறிஸ்துமஸ், திதி போன்ற நாள்களை ஒட்டி மறுபடி தலைதூக்கும். இது பின்னடைவல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, அன்றாட வாழ்வையே முடக்கும் அளவுக்கான துக்கம் ஆறு மாதத்துக்கு மேலும் நீடித்தால்தான் அதைத் தனி நோயாகக் கொள்கிறது. அமெரிக்க வகைப்பாட்டில் பெரியவர்களுக்கு அது ஓராண்டு.

ஆனால் ஆறு மாதம் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. சாப்பாடே இறங்காமல் உடல் மெலிவது, குடி திடீரெனக் கூடுவது, "நானும் போயிட்டா நல்லாருக்கும்" என்ற பேச்சு. அப்போது அரசின் டெலி மானஸ் எண்ணான 14416-ஐ எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். நேரில் போக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

இந்த ஏற்பாடு பொருந்தாத இடம்

கணக்குப் பிரிவில் தப்பு காகிதத்தில் விழுவதால், இன்னொருவர் பார்த்துப் பிடிக்கமுடியும். முந்திரி ஆலையில் அது நடக்காது. அங்கே தோட்டை உடைப்பவருக்கும் தோலெடுப்பவருக்கும் பெரும்பாலும் கிலோக் கணக்கில்தான் கூலி. கவனம் சிதறினால் முழுப்பருப்பு உடைந்து துண்டாகும், அதற்கு மதிப்பு குறைவு. உடைக்கும் மெஷினில் கை வைத்திருப்பவருக்கு விரலுக்கே ஆபத்து. திரும்பி வந்தவரை முதல் இரண்டு வாரம் உடைப்பில் உட்காரவைக்காமல் தோலெடுப்புக்கு மாற்றுவது மேஸ்திரியின் கையில் இருக்கிறது. இரண்டுக்கும் கூலி வேறு என்பதால், குறையும் தொகையை ஆலை ஏற்குமா, தொழிலாளி இழப்பாரா என்பதை மாற்றுவதற்கு முன்பே பேசிவிடவேண்டும். பேசாமல் மாற்றினால், சனிக்கிழமை கூலி வாங்கும்போதுதான் குறைந்தது தெரியும். திங்கட்கிழமை அவரே போய் மறுபடி உடைப்பு மெஷினில் உட்கார்ந்துவிடுவார்.